சொற்பொழிவைச் சின்னப் பதிவாகச் சுருக்கும்போது வரும் கோளாறுகள்: கண்ணப்பர் கதையை வைத்து ஒரு வழிமுறை

கோயிலிலோ சபாவிலோ நடக்கும் ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவை மறுநாள் காலை ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுவிலும் நூற்றைம்பது சொல்லில் போடுகிற வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இது உங்களுக்கு. எங்கள் குழுவில் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறேன், மற்றவர்கள் எழுதி அனுப்புவதைத் திருத்தியும் கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப அதே நாலைந்து கோளாறுகள்தான் வருகின்றன. உதாரணத்துக்குக் கண்ணப்ப நாயனார் சொற்பொழிவை எடுத்துக்கொள்கிறேன். தை மாத மிருகசீரிட குருபூசையை ஒட்டி எங்கேயாவது ஒருவர் இதைப் பேசிக்கொண்டுதான் இருப்பார், அதோடு சுருக்கும்போது இவ்வளவு சுலபமாக உடைகிற கதை வேறு கிடையாது.

உங்கள் பதிவில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் குறைவாகப் பிடிக்கும் காரணம் முதலில் வரும்.

## கோளாறு 1: எவ்வளவு வெட்டினாலும் பதிவு நீளமாகவே இருக்கிறது

முதல் காரணம்: சபை மரியாதையெல்லாம் அப்படியே இருக்கிறது. மேடையில் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கடவுள் வாழ்த்து, குரு வணக்கம், அழைத்தவர்களுக்கு நன்றி என்று போகும். அது மேடைக்கு வேண்டியதுதான். பதிவில் பேச்சாளர் பெயரையும் எங்கே, எந்த நிகழ்ச்சி என்பதையும் கடைசியில் ஒரே வரியில் போட்டால் போதும். பட்டங்களில் ஒன்றை மட்டும் வையுங்கள், எது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வரியைப் பட்டங்களே நிரப்பிவிட்டால் 'மேலும் படிக்க' என்பதைத் தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

இரண்டாவது காரணம்: முழுக் கதையையும் சொல்லப் பார்க்கிறீர்கள். பெரும்பாலும் இதுதான். சோதிப்பது சுலபம். ஒலிப்பதிவை ஓடவிட்டு, எழுதத் தொடங்குமுன் நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். கண்ணப்பர் சொற்பொழிவு என்றால் ஏறக்குறைய இப்படி வரும்:

0:00 வாழ்த்து, நன்றி
0:12 உடுப்பூர், நாகனும் தத்தையும், பின்னாளில் கண்ணப்பரான திண்ணனார் பிறப்பு
0:30 முதல் வேட்டை, பன்றி, பொன்முகலி ஆறு, மலையேற்றம்
0:50 ஊன் படைத்தது, கோயில் அர்ச்சகர் சிவகோசரியார் வருந்தியது, கனவு
1:10 கண்ணில் ரத்தம்
1:25 மங்களம்

இதில் நாலு பதிவுக்கான சரக்கு இருக்கிறது. ஒன்றை எடுங்கள், மற்றதை அடுத்தடுத்த நாளுக்கு வையுங்கள். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் பேச்சாளர் குரல் எங்கே இறங்கியது, எந்த இடத்தில் ஒரே சொற்றொடரை இரண்டு மூன்று தடவை சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் மனசு அங்கேதான் நின்றிருக்கும், கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்வதும் அந்த இடமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது காரணம்: கிளைக்கதை. நல்ல பேச்சாளர் கண்ணப்பரிலிருந்து மாணிக்கவாசகருக்குப் போவார், அங்கிருந்து தன் ஊர்க்காரர் ஒருவருக்கு, அப்புறம் நேற்று வந்த செய்திக்கு. அவ்வளவையும் ஒரு வரியிலாவது சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைதான் பதிவைக் கனமாக்கும். கிளைக்கதை இல்லாமல் மையக்கதை புரிகிறதா? புரிகிறதென்றால் எடுத்துவிடுங்கள். புரியவில்லை என்றால் அது கிளை இல்லை, அதற்கு ஒரு வாக்கியமாவது கொடுத்தே ஆக வேண்டும்.

## கோளாறு 2: சுருக்கம் சரியாக வந்தது, ஆனால் மரியாதை போய்விட்டது

படித்துப் பார்த்தால் ஏதோ உறுத்துகிறது, எங்கே என்று பிடிபடவில்லை. அல்லது நீங்கள் கவனிக்கவில்லை, பெரியவர் ஒருவர் தனியாக அழைத்து வருத்தப்பட்டார். இப்படி ஒரு வரைவு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

> சிவன் கண்ணில் ரத்தம்! வேடன் என்ன செய்தான் தெரியுமா? தன் கண்ணைப் பிடுங்கி ஒட்டினான். அடுத்த கண்ணிலும் ரத்தம். உடனே சாமி முகத்தில் காலை வைத்தான்! பூசாரிக்குத் தெரியாத பக்தி இந்த வேடனுக்குத் தெரிந்தது. ஆசாரம் முக்கியமா, அன்பு முக்கியமா? கமெண்டில் சொல்லுங்கள்.

கதை மாறவில்லை, இருந்தும் கிட்டத்தட்ட ஒவ்வொரு வரியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. சின்னதிலிருந்து பார்ப்போம்.

முதல் காரணம்: மேடையின் 'அவன்' எழுத்துக்கு வந்துவிட்டது. பேச்சாளர் "திண்ணன் ஓடினான், தேடினான்" என்று உருகிச் சொன்னால் குரலே அதைத் தாங்கிவிடும், கேட்பவர்களுக்கு அது செல்லமாகத்தான் படும். எழுத்தில் அந்தக் குரல் இல்லை, வெறும் 'செய்தான்' மட்டும் நிற்கிறது. சேக்கிழாரே திண்ணனார் என்றுதான் சொல்கிறார், நீங்களும் அப்படியே எழுதுங்கள். வேடர் என்று சொல்வதில் தப்பில்லை, அது அவர் குலம், புராணம் பெருமையாகச் சொல்வதுதான். பெயரே இல்லாமல் 'வேடன்' என்று மட்டும் நிறுத்துவதுதான் கீழாகத் தொனிக்கிறது. சோதிக்க வேண்டுமென்றால் வரைவில் 'ஆன்' என்று முடியும் வினைகளை மட்டும் தேடுங்கள். ஒரே ஒரு விலக்கு: இறைவன் கனவில் சிவகோசரியாரிடம் "அவனுடைய வடிவெல்லாம் நம்பக்கல் அன்பு" என்று சொல்வது. அது சுவாமியின் வாக்கு, அதைத் திருத்தக் கூடாது.

இரண்டாவது காரணம்: ஆச்சரியக்குறியும் கொக்கிக் கேள்வியும். "தெரியுமா?", "கமெண்டில் சொல்லுங்கள்" இரண்டையும் எடுத்தாலே பாதி உறுத்தல் போய்விடும். ரத்தம் சொட்டும் எமோஜி, கண் எமோஜி எதுவும் வேண்டாம். படம் போடுவதென்றால் கோயில் சிற்பத்தின் படத்தை, எடுத்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மூன்றாவது காரணம்: செயல் இருக்கிறது, அதன் காரணம் விழுந்துவிட்டது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கண்ணப்பர் கதையில் தனியாக எடுத்துச் சொன்னால் கூசும் செயல்கள் பல உண்டு. வாயில் நீர் கொண்டுவந்து சுவாமிக்கு ஆட்டுகிறார், ஊனைக் கடித்துப் பார்த்துப் படைக்கிறார், முந்தைய பூவைச் செருப்புக் காலால் விலக்குகிறார், கடைசியில் சுவாமியின் கண்ணில் காலை ஊன்றுகிறார். சேக்கிழார் இவற்றில் எதையும் மறைக்கவில்லை, ஆனால் எதையும் வெறுமனே விடவும் இல்லை. ஒரு கையில் வில்லும் அம்பும், மறு கையில் ஊன் வைத்த இலைத் தொன்னை. கை இரண்டும் நிறைந்துவிட்டதால் நீர் வாயில் வருகிறது, பூ தலைமுடியில் வருகிறது. கடித்துப் பார்ப்பது எது பதமாக வெந்திருக்கிறது, எது சுவையானது என்று தெரிந்துகொள்ள. காலை ஊன்றுவது, இருக்கிற கண்ணையும் எடுத்துவிட்டால் பார்வை இருக்காது, சுவாமியின் கண் எங்கே என்று தெரியாமல் போய்விடும் என்பதற்காக.

ஒன்றரை மணி நேரத்தில் இந்தக் காரணங்கள் மெல்ல மெல்லக் கேட்பவர் மனதில் ஏறிவிடும், கால் ஊன்றும் இடம் வரும்போது சபையில் கண்ணீர்தான் வரும். சுருக்குகிறவர் கை முதலில் வெட்டுவது இந்தக் காரணங்களைத்தான், ஏனென்றால் அவை விளக்கம்போலத் தெரிகின்றன, செயல்தான் கதை என்று தோன்றுகிறது. அதனால் நான் பிடித்துக்கொண்டிருக்கும் விதி இது: கூசும் செயல் ஒன்று பதிவில் இருந்தால் அதன் காரணம் அதே வாக்கியத்தில் அல்லது அதற்கு முந்தைய வாக்கியத்தில் இருக்க வேண்டும். பிந்தைய வாக்கியம் என்றால் தாமதம், படிப்பவர் அதற்குள் முகம் சுளித்திருப்பார். 'மேலும் படிக்க'வுக்குக் கீழே போய்விட்டால் காரணம் இல்லாததற்குச் சமம். காரணத்துக்கு இடமில்லையா, செயலையும் விட்டுவிடுங்கள், வேறு பகுதியை எடுங்கள்.

நான்காவது காரணம்: கதையில் வில்லனை உண்டாக்கிவிட்டீர்கள். சுருக்கத்துக்கு ஒரு எதிராளி இருந்தால் வசதி, அதனால் சிவகோசரியார் மாட்டிக்கொள்கிறார். புராணத்தில் அவர் வில்லனே இல்லை. சந்நிதியில் ஊனும் எலும்பும் கிடப்பதைக் கண்டு பதறுகிறார், சுத்தம் செய்து முறைப்படி பூசை செய்கிறார், மறுநாளும் அப்படியே. இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கனவில் வந்து திண்ணனாரின் அன்பு எப்படிப்பட்டது என்று சொல்லி, நாளை ஒளிந்திருந்து பார் என்கிறார். கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பியதை மறைந்து நின்று பார்க்கும் பேறு அவருக்குத்தான் கிடைத்தது. "பூசாரிக்குத் தெரியாத பக்தி" என்ற ஒரு வரி இவ்வளவையும் அழித்துவிடுகிறது. பேச்சாளர் அப்படிச் சொல்லியிருக்கவும் மாட்டார். சோதனை: பதிவில் யாராவது தாழ்ந்து தெரிகிறார்களா? தெரிந்தால் ஒலிப்பதிவில் அந்த ஆளைப் பற்றிய பகுதியை மட்டும் மறுபடி கேளுங்கள். பெரும்பாலும் பேச்சாளர் கடைசியில் அவரை உயர்த்தித்தான் முடித்திருப்பார். எங்கள் பதிவில் கண் பகுதி மட்டும் வருவதால் சிவகோசரியாரைச் சேர்க்கவே இல்லை.

இதே பகுதியைத் திருத்திய பிறகு:

> காளத்தியில் சுவாமியின் வலக்கண்ணில் ரத்தம் பெருகியதும் திண்ணனார் மருந்து தேடி ஓடினார். பச்சிலை பிழிந்து வார்த்தும் நிற்கவில்லை. ஊனுக்கு ஊன்தான் மருந்து என்று முன்பு கேட்டது நினைவுக்கு வர, அம்பால் தம் கண்ணை எடுத்து அப்பினார். ரத்தம் நின்றது. ஆனந்தத்தில் கூத்தாடினார்.
>
> அப்போது இடக்கண்ணிலும் ரத்தம். இந்த முறை அவர் அஞ்சவில்லை, மருந்துதான் தெரிந்துவிட்டதே, இன்னொரு கண்ணும் இருக்கிறதே. ஒரே கவலை, அதையும் எடுத்துவிட்டால் சுவாமியின் கண் இருக்கும் இடம் தெரியாது. இடம் தவறாமல் அப்புவதற்காகத் தம் இடக்காலை அங்கே ஊன்றிக்கொண்டு அம்பை எடுத்தார். "கண்ணப்ப நிற்க" என்று சொல்லிக் காளத்தியப்பர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.
>
> தம் உலகம் இருண்டுபோகும் என்று அவர் நினைக்கவே இல்லை, மருந்து இடம் மாறிவிடக் கூடாதே என்றுதான் நினைத்தார் என்றார் சொற்பொழிவாளர்.
>
> (பெரியபுராணம், கண்ணப்ப நாயனார் புராணம். குருபூசைச் சொற்பொழிவிலிருந்து.)

கால் ஊன்றும் வாக்கியத்துக்கு முன்பே அதன் காரணம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவில் அந்தச் செயல் கூசவில்லை.

யாரை அழைப்பது? இவ்வளவு செய்தும் உறுத்தினால், அந்த மரபில் ஊறிய ஒருவரிடம், ஓதுவாரோ கோயில் குருக்களோ, வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் நேரிலோ தொலைபேசியிலோ வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்கும்போது அவருக்கு எந்த இடம் இடறுகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

## கோளாறு 3: பாட்டு வரி தப்பு என்று யாரோ சுட்டிக்காட்டுகிறார்

முதல் காரணம்: தானியங்கி வசனவரி. வீடியோவுக்குக் கீழே தானாக வரும் எழுத்துக்குப் பழந்தமிழ் தெரியாது. 'இடந்து' என்பது 'இழந்து' ஆகலாம், 'காளத்தி' என்பது 'காலத்தில்' ஆகலாம். உரைநடைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், பாட்டு வரிக்கு ஒருபோதும் வேண்டாம். காதால் கேட்டு அடிப்பதும் நம்பகமில்லை, பேச்சாளர் ராகமாகப் பாடும்போது சீர் பிரிவது மாறிவிடும். அச்சுப் புத்தகம் பக்கத்தில் இருந்தால் நல்லது, இல்லையென்றால் பன்னிரு திருமுறையும் இருக்கும் thevaaram.org தளத்தில் ஒரு சொல்லைப் போட்டுத் தேடி அங்கிருந்து எடுங்கள்.

இரண்டாவது காரணம்: வரி சரி, நூல் தப்பு. இது அடிக்கடி நடக்கிறது, கண்ணப்பர் விஷயத்தில் ரொம்பவே. பேச்சாளர் மூச்சுவிடாமல் மூன்று நூலிலிருந்து சொல்லிக்கொண்டு போவார், கேட்கிறவருக்கு எல்லாமே பெரியபுராணம் என்று தோன்றும். "கண்ணப்பன் ஒப்பதோர் அன்பின்மை கண்டபின்" என்பது மாணிக்கவாசகர், திருவாசகத்தில் திருக்கோத்தும்பி. இறைவன் தடுத்த வாக்கு இரண்டு விதமாக இருக்கிறது. சேக்கிழார் "கண்ணப்ப நிற்க" என்று மூன்று முறை சொன்னதாகப் பாடுகிறார். "நில்லு கண்ணப்ப, நில்லு கண்ணப்ப" என்று வருவது பதினொன்றாம் திருமுறையில் இருக்கும் நக்கீரதேவ நாயனாரின் திருமறம். மேடையில் இரண்டும் கலந்து வரும், அதில் குற்றமில்லை. பதிவில் "நில்லு கண்ணப்ப" என்று போட்டுவிட்டுக் கீழே பெரியபுராணம் என்று எழுதினால் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வருவார், அவர் சொல்வதும் நியாயம்தான்.

சோதனை: மேற்கோள் குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் நூல் பெயரை உங்களால் சொல்ல முடிகிறதா? முடியாததை மேற்கோள் குறியை எடுத்துவிட்டு உங்கள் உரைநடையில் சொல்லிவிடுங்கள். நாலடியையும் போட வேண்டாம், ஒரு அடி போதும். வாட்ஸ்அப்பில் ஒட்டியபின் அடி உடைந்திருக்கிறதா என்று ஒரு தடவை கைப்பேசித் திரையிலேயே பாருங்கள்.

யாரை அழைப்பது? வரி எங்கேயுமே கிடைக்கவில்லை என்றால் நேராகப் பேச்சாளரிடம் கேளுங்கள். அது வழிவழியாக வாய்மொழியில் வருவதாக இருக்கலாம், அவரே கட்டியதாகவும் இருக்கலாம். இரண்டையும் திருமுறை என்று போடக் கூடாது.

## கோளாறு 4: "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்கிறார் பேச்சாளர்

முதல் காரணம்: மூன்று பேர் குரல் ஒன்றாகிவிட்டது. ஒரு பதிவில் நூல் சொல்வது, பேச்சாளர் விளக்குவது, நீங்கள் புரிந்துகொண்டது என்று மூன்று அடுக்கு இருக்கும். வரைவை அச்செடுத்து மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். உங்கள் நிறம் ஒரு வாக்கியத்துக்கு மேல் இருந்தால் அது சொற்பொழிவுச் சுருக்கம் இல்லை, உங்கள் கட்டுரை, உங்கள் பெயரில் போடுங்கள். மேலே திருத்திய பதிவில் முதல் இரண்டு பத்தியும் நூல், மூன்றாவது பத்தி பேச்சாளர், "என்றார்" என்ற சொல் அதைப் பிரித்துக் காட்டுகிறது. "ஆசாரம் முக்கியமா, அன்பு முக்கியமா" என்ற கேள்வி எழுதினவருடையது, அதைப் பேச்சாளர் தலையில் கட்டியதுதான் பழைய வரைவின் பெரிய தப்பு.

இரண்டாவது காரணம்: மேடை நகைச்சுவை. சபையைத் தட்டியெழுப்ப அவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், எல்லாரும் சிரித்திருப்பார்கள். எழுத்தில் அது அவர் கருத்தாகிவிடும். நடப்பு அரசியல், வேறு சமயம், வேறு பேச்சாளர் இவை பற்றிய வார்த்தைகளும் அப்படியே. எதையும் பதிவில் சேர்க்காதீர்கள், எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

மூன்றாவது காரணம்: ஒப்புதல் வாங்கவில்லை. போடுமுன் ஒரு தடவை அவருக்கு அனுப்புங்கள். முழுப் பேச்சை எழுத்தாக்கி அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள், நூற்றைம்பது சொல் என்றால் உடனே பார்த்துவிடுவார்கள். "ஐயா, நேற்றைய சொற்பொழிவிலிருந்து இதைப் போடலாம் என்று இருக்கிறோம், உங்கள் பெயரைப் போடலாமா, ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று கேட்டால் போதும். பதில் வராவிட்டால் பெயரைப் போடாமல் நிகழ்ச்சியின் பெயரை மட்டும் போடுவேன், அப்படியானால் "என்றார்" என்று முடியும் பத்தியையும் எடுத்துவிடுவேன்.

யாரை அழைப்பது? பேச்சு முழுவதையும் எழுத்தாக்கித் தொகுப்பாகப் போட வேண்டும் என்று சபா கேட்டால் அது வேறு வேலை. ஒன்றரை மணி நேரப் பேச்சைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்யவே ஒரு முழு நாள் போகும், அப்புறம் மெய்ப்புப் பார்க்க வேண்டும். சமய நூல் அச்சுக்கு மெய்ப்புப் பார்த்துப் பழகியவருக்குக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

## கோளாறு 5: பதிவு நன்றாக இருக்கிறது, கீழே சண்டை நடக்கிறது

முதலில் பதிவையே பாருங்கள். சண்டை எந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொடங்கியது? அது உங்கள் பதிவில் இருக்கும் வார்த்தை என்றால் (பெரும்பாலும் 'பூசாரி', 'வேடன்', 'ஆசாரம்' இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும்) கோளாறு 2-க்குப் போய்த் திருத்துங்கள், திருத்தியதைக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பதிவில் இல்லாத விஷயம் என்றால் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஊன் படைத்ததைப் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவருக்கு மட்டும், அன்று திண்ணனார் இரு கையும் நிறைந்து எப்படி வந்தார் என்பதைச் சொல்லி, அந்தப் பகுதி அடுத்த பதிவில் வரும் என்று எழுதுங்கள். சாதி சொல்லித் திட்டுகிற கருத்தை உடனே நீக்குங்கள். ஒருவரே திரும்பத் திரும்ப வந்தால் கருத்துப் பகுதியை மூடிவிட்டுப் பதிவை அப்படியே விடுங்கள். யாராவது மிரட்டினால், அல்லது சபாவையோ பேச்சாளரையோ பெயர் சொல்லி அவதூறு எழுதினால், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு சபா நிர்வாகியிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.